குறிலா, நெடிலா? காதும் கண்ணும் விரலும் ஏமாறும் இடங்கள்

கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் பல வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், பாசன சங்க நோட்டீஸ், பூச்சிமருந்துக் கடை துண்டறிக்கை என்று தினம் ஏதாவது வரும். எங்கள் அச்சகத்துக்குப் பெரிய கெட்ட பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு துணைக்கால். ஒரு கிராமத்து அழைப்பிதழில் "சித்திரைத் தேர் விழா" என்று இருக்கவேண்டிய தலைப்பு "சித்திரைத் தேர் விழ" என்று அச்சாகி, 500 பிரதியும் கட்டிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. "தேர் விழ அனைவரும் வருக" என்று படித்த பெரியவர் ஒருவர் அச்சக வாசலிலேயே நின்று அழாத குறை. மெய்ப்புப் பார்த்தது நான்தான். "விழா" என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே கால் இல்லை.

அதற்குப் பிறகு குறில், நெடில் பிழைகளை மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். சில பிழை காதால் வருகிறது, சில கண்ணால், சில விரலால். ஒவ்வொன்றையும் பிடிக்கும் வழி வேறு. எல்லாவற்றையும் "கவனமாகப் படி" என்ற ஒரே மருந்தால் சரிசெய்யப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. அப்படிக் கவனமாகப் படித்துத்தான் தேரை விழ வைத்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம்

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பள்ளியில் படித்ததுதான். ஆனால் சொல்லின் முதல் எழுத்தில் குறில், நெடிலைத் தமிழ்க் காது கிட்டத்தட்ட தவறவிடுவதே இல்லை. வெட்டி என்றால் வெட்டி, வேட்டி என்றால் வேட்டி. பெட்டி கேட்டவருக்கு யாரும் பேட்டி கொடுப்பதில்லை. கொட்டையும் கோட்டையும், தொடும் தோடும், எரியும் ஏரியும் அப்படியே. ஆகவே முதல் எழுத்தில் பிழை இருந்தால் எழுதியவருக்குத் தமிழ் தெரியவில்லை என்று நினைக்கவேண்டாம். அது கண்ணின் பிழை அல்லது விரலின் பிழை.

காது ஏமாறுவது சொல்லின் கடைசியில். பேச்சில் கடைசி நெடிலை இழுத்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. திருவிழா என்று எழுதுவோம், வாய் "திருவிழ" என்று முடித்துவிடும். பலா மரம் "பல மரம்" போல ஆகிவிடும். புறா, நிலா, கனா எல்லாவற்றுக்கும் இதே கதி. எழுதும்போது மனத்துக்குள் ஓடுவது பேச்சின் ஒலிதான் என்பதால் கடைசிக் கால் கையிலும் வராமல் போகிறது.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இலையை எலை என்கிறோம், உலக்கையை ஒலக்கை என்கிறோம், கிழங்கைக் கெழங்கு என்கிறோம். இங்கே மாறுவது ஒலி மட்டும், அளவு அல்ல. இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். ஏகாரமோ ஓகாரமோ ஆகாது. கேட்டது குறிலாக இருந்தால் எழுத்தும் குறில்தான். அது எ-யா இ-யா என்பது வேறு கேள்வி.

படி 1: காதுக்கு ஒரு சோதனை, உருபைச் சேர்த்துப் பாருங்கள்

ஒரு சொல்லில் இருப்பது குறிலா நெடிலா என்று சந்தேகம் வந்தால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு உச்சரித்து உச்சரித்துப் பார்ப்பதில் பயனில்லை. பத்து முறை சொன்னால் பதினோராவது முறை இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். அதற்குப் பதில் சொல்லோடு ஓர் உருபைச் சேருங்கள். ஐ சேர்க்கலாம், இல் சேர்க்கலாம். குறிலும் நெடிலும் அங்கே தனித்தனி வழியில் போய்விடும்.

கல், கால் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். கல்லோடு இல் சேர்ந்தால் கல்லில். காலோடு சேர்ந்தால் காலில். முதலாவதில் ல் இரட்டித்தது, இரண்டாவதில் இல்லை. பல், பால் அப்படியே: பல்லில், பாலில். கொள் என்ற தானியத்தோடு ஐ சேர்ந்தால் கொள்ளை, கோள் என்ற கிரகத்தோடு சேர்ந்தால் கோளை. தனிக்குறிலுக்குப் பின்னால் மெய் நின்று, அதன்மேல் உயிர் வந்தால் அந்த மெய் இரட்டும். நெடிலுக்குப் பின்னால் இரட்டாது. இலக்கணம் தெரியாத குழந்தைகூட "கல்லுல", "கால்ல" என்று சரியாகத்தான் சொல்கிறது. வாய்க்குத் தெரிந்த இந்த இலக்கணத்தைத்தான் நாம் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

உகரத்தில் முடியும் சொற்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. மடு என்பது ஆற்றிலோ வாய்க்காலிலோ தண்ணீர் ஆழமாகத் தேங்கும் குழி. மாடு என்ன என்று சொல்லவேண்டாம். இல் சேர்த்தால் மடுவில், மாட்டில். தனிக்குறிலுக்குப் பின்னால் வரும் உகரம் முழுசாக நிற்கிறது, அதனால் வ் வந்து ஒட்டுகிறது. நெடிலுக்குப் பின்னால் க, ச, ட, த, ப, ற என்ற வல்லினத்தின்மேல் வரும் உகரம் குற்றியலுகரம். அதற்கு அரை மாத்திரைதான், உயிர் வந்தவுடன் கழன்று விழுந்துவிடும். ட, ற இருந்தால் அவை இரட்டிக்கவும் செய்யும். பசுவை, காசை. பொதுவில், போதில். நடுவில், நாட்டில். ஆறு என்றால் ஆற்றில். அது, இது, எது மட்டும் இந்த வழிக்கு வராது. அதை, இதை, எதை என்று தனக்கென ஒரு பாதையில் போகும்.

வினைச்சொல்லாக இருந்தால் இறந்தகாலத்தில் போட்டுப் பாருங்கள். தொடு, தொட்டான். சுடு, சுட்டான். நடு, நட்டான். கொடு, கொடுத்தான். பெறு, பெற்றான். பொறு, பொறுத்தான். இவை குறில். நெடிலில் தொடங்குபவை பெரும்பாலும் இன் சேர்த்துக்கொள்ளும்: பாடினான், நாடினான், தேடினான், மூடினான், ஏறினான், சீறினான். இதில் ஓர் ஓட்டை உண்டு. போடு என்பது நெடில்தான், ஆனால் போட்டான் என்று குறில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. அந்த ஒன்றைத் தனியாக நினைவில் வைத்தால் போதும்.

சரி, இந்தச் சோதனை எங்கே உதவாது? அம் என்று முடியும் பெயர்களில். வரம், வாரம். கலம், காலம். குளம், கூளம். எந்த உருபைச் சேர்த்தாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் மாறும்: வரத்தை, வாரத்தை, குளத்தில், கூளத்தில். நம்ம பக்கத்து விவசாயச் சொற்களில் ஆபத்தானவை எல்லாம் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. வாரம் என்றால் ஏழு நாள் மட்டுமல்ல, சாகுபடி செய்பவர் நிலக்காரருக்கு அளக்கும் விளைச்சல் பங்கும் வாரம்தான். கலம் என்பது 12 மரக்கால் கொண்ட நெல் அளவு. "பத்து கலம்" என்பது "பத்து காலம்" என்று அச்சானால் எந்த உருபும் காப்பாற்றாது. பொருளைப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். தழையும் தாழையும் அப்படித்தான். வயலில் மிதிப்பது தழை, வாசத்துக்காகத் தேடிப் போவது தாழை.

படி 2: கடைசி ஆகாரம், இருக்கிறது என்பதை இல்லை என்று ஆக்கும் கால்

இந்தப் படிக்கு நேரம் அதிகம் கொடுங்கள். மற்ற இடங்களில் குறில், நெடில் மாறினால் ஒரு பொருள் வேறொரு பொருளாகும், அவ்வளவுதான். இங்கே மாறினால் வாக்கியமே தலைகீழாகிவிடும்.

தூர்வார, தூர்வாரா. முதலாவது "தூர்வாருவதற்காக" என்று பொருள்படும் எச்சம். இரண்டாவது எதிர்மறை, "தூர்வாராத" என்பதன் கடைசி எழுத்து விழுந்த வடிவம். "தூர்வார வாய்க்கால்களின் பட்டியல்" என்றால் இனிமேல் வேலை நடக்கப்போகும் வாய்க்கால்கள் என்று ஒருவர் படிப்பார். "தூர்வாரா வாய்க்கால்களின் பட்டியல்" என்றால் வேலையே நடக்காதவை. ஒன்று திட்டம், மற்றொன்று புகார். செய்ய, செய்யா, வற்ற, வற்றா, ஓட, ஓடா, செல்ல, செல்லா, அறிய, அறியா என்று இந்த ஜோடி தமிழில் உள்ள பெரும்பாலான வினைகளிலும் உண்டு. எழுத்துப் பிழை திருத்தி எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டும் நல்ல சொற்கள்.

இதற்கு நான் செய்வது ஒரு மாற்றுச் சோதனை. சந்தேகமான சொல்லின் இடத்தில் "ஆத" சேர்த்த வடிவத்தை வைத்துப் படிப்பேன்: தூர்வாராத வாய்க்கால், வற்றாத கிணறு, செல்லாத காசு. வாக்கியம் எழுதியவர் நினைத்த பொருளோடு ஒத்துப்போனால் நெடில். அப்புறம் "வதற்கு" சேர்த்துப் பார்ப்பேன்: தூர்வாருவதற்கு ஆள் வந்தார்கள். இது ஒத்துப்போனால் குறில். இரண்டும் ஒத்துப்போகும் வாக்கியமும் வரும். மேலே சொன்ன பட்டியல் அப்படிப்பட்டது. அப்போது எழுதியவரிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. நானாக முடிவு செய்து திருத்துவதில்லை.

ஒரு எச்சரிக்கை. அடுத்த சொல்லின் முதலில் வல்லினம் மிகுந்திருப்பதைப் பார்த்து முடிவு செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். முடியாது. வற்றாக் கிணறு என்பதிலும் க் மிகும், வற்றக் காத்திருந்தார்கள் என்பதிலும் மிகும். ஒற்று இங்கே சாட்சி சொல்லாது.

பெயர்ச்சொற்களில் இந்தக் கடைசி ஆகாரம் கொஞ்சம் சாது. விழா, நிலா, கனா, இரா, புறா, பலா. இரண்டே எழுத்து, முதலில் குறில், அடுத்து ஆ. இவற்றுக்கு ஒரு பழைய குணம் உண்டு. ஆகாரம் குறுகி, பின்னால் வு சேரும்: விழவு, நிலவு, கனவு, இரவு. வு சேர்ந்து நின்றால் குறில், தனியாக நின்றால் நெடில். "நில வெளிச்சம்" என்று எழுதியிருந்தால் கால் விட்டுப்போயிருக்கிறது. "நிலவு வெளிச்சம்", "நிலா வெளிச்சம்" இரண்டும் சரி. சந்தேகம் வந்தால் வு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். சேர்கிறது என்றால் அந்தச் சொல் தனியே நிற்கும்போது கால் கட்டாயம். இந்தச் சோதனை எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் தேர் விழுந்திருக்காது.

படி 3: கண்ணின் பிழை, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும்

அ, ஆ ஜோடியில் கால் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கலாம். இ, ஈ ஜோடியில் எழுத்தின் மேல் வளையும் விலங்கில் சுழி இருக்கிறதா என்று பார்க்கலாம். எ, ஏ ஜோடிதான் கண்ணுக்குத் தொல்லை. கெ, கே இரண்டுக்கும் வித்தியாசம் எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பின் உச்சியில் ஒரு சின்னச் சுழி மட்டும். தடித்த எழுத்துரு, மலிவான தாள், கொஞ்சம் மை அதிகம் என்று மூன்றும் சேர்ந்தால் சுழிக்குள் மை நிரம்பி இரண்டும் ஒன்றாகிவிடும். கொ, கோ அதே கொம்பை வைத்துத்தான் ஓடுகிறது.

இந்தச் சுழிக்கு வயது அதிகமில்லை. தொல்காப்பியம் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்கச் சொல்கிறது. புள்ளி உள்ளது குறில், இல்லாதது நெடில். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகும் என்பதால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். கல்வெட்டிலும் பெரும்பாலும் புள்ளி கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் உள்ள சோழர் கால எழுத்தைப் படிப்பவர்கள் ஓர் இடத்தில் இருப்பது எகரமா ஏகாரமா என்பதை வாக்கியத்தின் பொருளை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், நம் கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்து தமிழ்ப்பணி செய்தவர், நெடிலுக்கு மேலே சுழித்த கொம்பையும் ஏ-வுக்குக் கீழே இழுத்த காலையும் கொண்டுவந்தார் என்பது அறியப்பட்ட செய்தி. நூற்றாண்டுகளாக ஒரே வடிவில் எழுதிக்கொண்டிருந்த ஜோடி இது. அது கண்ணை ஏமாற்றுவதில் ஆச்சரியம் என்ன.

கண்ணை நம்பாமல் இரண்டு விதிகளை நம்பலாம்.

ஒன்று, தமிழ்ச் சொல் எகரத்தில் முடியாது. ஒகரத்தில் முடிவது நொ என்ற வழக்கொழிந்த ஒரு சொல் மட்டும். ஆகவே எந்தச் சொல்லின் கடைசியிலும் ெ, ொ நின்றால் கண்ணை மூடிக்கொண்டு பிழை என்று சொல்லலாம். "அவனெ வந்தான்", "வருவானொ" போன்றவை கையெழுத்துப் படிகளில் நிறைய வரும். அவனே, வருவானோ என்று நெடிலாக்குங்கள். கணினியில் இருந்தால் படித்துத் தேடக்கூட வேண்டாம். லிப்ரே ஆபீஸில் Find and Replace திறந்து Regular expressions என்பதை இயக்கிவிட்டு இதைத் தேடலாம்:

```
[\u0BC6\u0BCA](?=\s|[.,!?]|$)
```

0BC6 என்பது ஒற்றைக்கொம்பு, 0BCA என்பது கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி. அவற்றுக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வந்தால் பிடித்துக் காட்டும். சில பழைய கோப்புகளில் ொ என்பது ஒரே குறியாக இல்லாமல் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகச் சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலில் சிக்காது. அதற்கு `\u0BC6\u0BBE` என்று ஒருமுறை தனியாகத் தேடி ஒரே குறியாக மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது விதி வடசொற்களுக்கு. சமஸ்கிருதத்தில் எகரக் குறிலும் ஒகரக் குறிலும் கிடையாது. அங்கிருந்து வந்த சொல்லில் அந்த ஒலி கேட்டால் அது நெடில். யோசனை, சந்தோஷம், கோபுரம், சேவை, தேசம், உபயோகம். கோயில் அழைப்பிதழ் அடிப்பவர்களுக்கு இது பெரிய உதவி. கும்பாபிஷேகத்தைக் "கும்பாபிஷெகம்" என்று அடித்து வராத மாதமே இல்லை. நைவேத்தியம், ஹோமம், மகோற்சவம், க்ஷேத்திரம், அப்புறம் கும்பேஸ்வரர், நாகேஸ்வரர் என்று ஊர்ச்சாமி பெயர் வரை எல்லாம் இந்த விதிக்குள் அடங்கும்.

விலக்கும் உண்டு. மூலத்தில் ஏ, ஓ இல்லாமல் வேறு ஒலி இருந்து, தமிழ் வாய்க்கு வந்தபின் எ, ஒ ஆனவை குறிலாகவே இருக்கும். ஸ்வர்க்கம் சொர்க்கம் ஆனது, ஸ்வப்னம் சொப்பனம் ஆனது, ஜன்மம் ஜென்மம் ஆனது, தைவம் தெய்வம் ஆனது. இவற்றை நெடிலாக்கிவிடாதீர்கள். ஆங்கிலச் சொற்களுக்கு இந்த மாதிரி விதி எதுவும் கிடையாது. ஃபேன், பென், செக், கேக் எல்லாம் காதில் கேட்டபடிதான்.

படி 4: விரல் எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிழை எந்த விசைப்பலகையில் பிறந்தது என்று தெரிந்தால் அது எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடும். எங்கள் அச்சகத்தில் இன்றும் பாமினி எழுத்துருதான் பாதி வேலை. அதில் ஒற்றைக்கொம்பு `n`, இரட்டைக்கொம்பு `N`. சொல் என்பதற்கு `nrhy;`, கோயில் என்பதற்கு `Nfhapy;` என்று அடிக்கவேண்டும். வித்தியாசம் ஒரு Shift. சுண்டுவிரல் அசந்தால் கோயில் கொயில் ஆகிவிடும். பாமினியில் வந்த கோப்பென்றால் நான் முதலில் தேடுவது கொம்பைத்தான்.

தமிழ்99 விசைப்பலகையில் அ, இ, உ, எ நான்கும் நடுவரிசையில் இருக்கின்றன, அவற்றின் நெடில்கள் நேர்மேலே. விரல் ஒரு வரிசை தப்பினால் குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும். ஒ, ஓ மட்டும் கீழ்வரிசையில் `c`, `x` என்று பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் பிழை வேறு மாதிரி. `kodi` என்று அடித்தால் கொடியா கோடியா என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் வரும் கொடியையும் கோடியையும் எப்போதும் இரண்டுமுறை பாருங்கள். கட்சிக்கூட்ட நோட்டீஸில் "5 கோடி கட்டப்படும்" என்று வந்ததை நானே பிடித்திருக்கிறேன். கட்ட இருந்தது ஐந்து கொடிகள்.

ஒரு நோட்டீஸை எடுத்துப் பார்ப்போம்

திருவாரூர் பக்கத்துச் சங்கம் ஒன்றிலிருந்து வருவது போன்ற ஒரு நோட்டீஸை இதற்காக எழுதியிருக்கிறேன். என் மேசைக்கு வரும் பிழைகளைத்தான் இதில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

"நமது ஊர் பாசன சங்கக் கூட்டம் வரும் அடி 3-ம் தேதி குளக்கரையில் நடைபெறும். தூர்வார வாய்க்கால்களின் பட்டியல் அன்று வாசிக்கப்படும். வடக்கு மதகை ஒட்டிய மாடுவில் சேர்ந்த குளத்தை அள்ள ஆள் தேவை. கொவில் நிலத்துக்கு வரம் பாக்கி உள்ளவர்கள் அன்றே செலுத்தவும். தாழை உரம் பற்றி யொசனை சொல்ல விரும்புவோர் வரலாம்."

எட்டுப் பிழைகள் இருக்கின்றன. அவற்றில் மூன்று மட்டும் சொல்லே இல்லாதவை: மாடுவில், கொவில், யொசனை. எழுத்துப் பிழை திருத்தி பிடிப்பதாக இருந்தால் இவற்றைத்தான் பிடிக்கும். மீதி ஐந்தும் அகராதியில் உள்ள நல்ல சொற்கள், ஆகவே அது கடந்து போய்விடும்.

முதலில் எளிதானவற்றை முடிப்போம். யொசனை வடசொல், ஆகவே யோசனை. அதோடு தமிழில் யொ என்று தொடங்கும் சொல்லும் இல்லை. கொவில் என்பது கொம்பின் சுழி விட்டுப்போன கோவில். மாடுவில் கொஞ்சம் சுவாரசியமானது. மாடு என்று நினைத்து எழுதியிருந்தால் மாட்டில் என்றுதான் வந்திருக்கும். வில் என்ற முடிவே முன்னால் இருப்பது குறில் என்று காட்டிக்கொடுக்கிறது. ஆகவே மடுவில். படி 1-இல் பார்த்ததுதான், இங்கே தலைகீழாகப் பயன்படுகிறது.

இனி கண்ணுக்குத் தெரியாத ஐந்து. எண்ணோடு நிற்கும் அடியையும் ஆடியையும் நான் விட்டுவைப்பதில்லை. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, ஆற்றுக்குப் படையல் போடுவது ஆடி 18. இங்கே "தேதி" பக்கத்தில் நிற்பதால் ஆடி. "சேர்ந்த குளத்தை அள்ள" என்பதில் வினையைப் பாருங்கள். குளத்தை வெட்டலாம், தூர்வாரலாம், அள்ள முடியாது. அள்ளுவது கூளத்தை, அதாவது மடுவில் அடித்துவந்து ஒதுங்கிய வைக்கோலும் சருகும். பெயரில் சந்தேகம் என்றால் அதோடு வரும் வினையைக் கேளுங்கள் என்று புதிதாக வரும் பையன்களிடம் சொல்வேன். "வரம் பாக்கி" அப்படியே மாட்டிக்கொள்கிறது. வரம் சாமி கொடுப்பது, பாக்கி வைக்கமுடியாது. கோவில் நிலத்துக்குப் பாக்கி இருப்பது வாரம். தாழை உரமாகாது, தழை உரம்.

மிச்சம் இருப்பது தூர்வார. "தூர்வாராத வாய்க்கால்களின் பட்டியல்" என்று வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. "தூர்வாருவதற்கு வாய்க்கால்களின் பட்டியல்" என்றால் கொஞ்சம் இடறுகிறது, "தூர்வாரவேண்டிய" என்று எழுத நினைத்து "வேண்டிய" விட்டுப்போயிருக்கலாம் என்றும் தோன்றுகிறது. எழுதியவர் மனத்தில் எது இருந்தது என்று தாளிலிருந்து தெரியாது. இதே மாதிரி ஒரு இடத்தில் ஒருமுறை சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன்.

"ஐயா, அச்சகத்திலேர்ந்து பேசுறேன். தூர்வார வாய்க்கால்னு போட்டிருக்கீங்களே, வாரினதா, வாராததா?"

"வாராததுதான் தம்பி. வாரினதுக்கு எதுக்குக் கூட்டம்?"

"அப்ப ஒரு கால் போடணுங்க."

"போடு. காலுக்குத் தனியா காசு கேக்காதே."

படி 5: கடைசி ஒத்துப் பார்த்தல்

திருத்தம் எல்லாம் போட்ட பிறகு ஒருமுறை இரண்டு பேராகப் பாருங்கள். ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்கவேண்டும், மற்றவர் அச்சுப்படியைப் பார்க்கவேண்டும். படிப்பவர் பேச்சு நடையில் படித்தால் பயனில்லை, கடைசி ஆகாரம் மறுபடி குறுகிவிடும். நெடிலை வேண்டுமென்றே இரண்டு மடங்கு இழுத்துப் படிக்கச் சொல்லுங்கள்: "விழாஆ", "தூர்வாராஆ". கேட்க வேடிக்கையாக இருக்கும், வாசலில் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கொம்பு வரும் இடத்தில் பெயர் சொல்லியே படிக்கலாம்: "இரட்டைக்கொம்பு கோ, வில்". பெரிய எழுத்தில் போகும் தலைப்பை மட்டும் இந்த வகையில் இரண்டுமுறை பார்க்கிறோம். தலைப்பு பெரிசாக இருப்பதால் யாருமே அதைப் படிப்பதில்லை, வடிவத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தேர் விழுந்தது தலைப்பில்தான்.

அச்சு ஓடத் தொடங்கியதும் முதல் பத்துப் பிரதிகளுக்குள் ஒன்றை எடுத்து ே, ோ வரும் இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுழிக்குள் வெள்ளை தெரியவேண்டும். மை மூடியிருந்தால் கோப்பில் எழுத்து சரியாக இருந்தும் தாளில் தவறாகத்தான் வரும். அப்போது திருத்தவேண்டியது மையை. எழுத்தை ஒரு அளவு பெரிதாக்கினாலும் சரியாகும், தடித்த எழுத்துருவை மாற்றி மெல்லியதைப் போட்டாலும் சரியாகும். வாடிக்கையாளர் தடிமனாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அழைப்பிதழின் தலைப்பில் ஏகாரமோ ஓகாரமோ உள்ள சொல் எது என்று காட்டி, அதை மட்டும் மெல்லியதாகப் போட்டுத் தருகிறேன் என்பேன். பெரும்பாலும் அது "கும்பாபிஷேகம்" என்ற சொல்லாகத்தான் இருக்கும்.